"அந்த 99.99 எப்படி வந்தது?"

கேள்வி

ஐடி சப்போர்ட்டில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஒன்றரை வருடம் எல்1 ஹெல்ப் டெஸ்க், அப்புறம் எல்2, நெட்வொர்க் பக்கம். இப்போது நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு முயற்சி செய்கிறேன். எண்கள் இருந்தால்தான் ரெஸ்யூமைப் படிப்பார்கள் என்று நண்பர் சொன்னதால், "10,000 டிக்கெட்டுகளுக்கு மேல் தீர்த்தவர், 99.99 சதவீத அப்டைம் பராமரித்தவர், 500 சர்வர்களை நிர்வகித்தவர்" என்று எழுதினேன். மேலே சிசிஎன்ஏ, எம்சிஎஸ்ஏ. அழைப்பு வருகிறது, ஆனால் மூன்று இடங்களில் முதல் டெக்னிக்கல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. ஒரு இடத்தில் "அந்த 99.99 எப்படி வந்தது?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

டிக்கெட் எண்ணிக்கை பொய் இல்லை. எல்1இல் நாளுக்கு 20 பார்த்தேன், இப்போது 5, 6. போன வருடம் நெட்வொர்க் விழுந்தது இரண்டே முறை. கோர் சுவிட்ச் ஒன்று பழுதாகி ஒரு தளம் மட்டும் 40 நிமிடம், வெளி இன்டர்நெட் இணைப்பு போய் 3 மணி 10 நிமிடம். அந்தத் தளத்துக்கு ஒரே அப்லிங்க்தான் இருந்தது, அப்புறம் நான்தான் இரண்டாவது கோருக்கும் ஒன்று போட்டேன். 500 சர்வர் எங்கள் மானிட்டரிங் திரையில் தெரிகின்றன. நான் கை வைப்பது 48 ஆக்சஸ் சுவிட்ச், 2 கோர் சுவிட்ச், 60 ஆக்சஸ் பாயின்ட், ஒரு ஜோடி ஃபயர்வால். சிசிஎன்ஏ 2020இல் எழுதியது, புதுப்பிக்கவில்லை. எம்சிஎஸ்ஏ 2019இல். எண்களை எல்லாம் எடுத்துவிடட்டுமா? காலாவதியான சான்றிதழைப் போடலாமா? டிக்கெட் டூலிலிருந்து ஆதாரத்துக்கு ரிப்போர்ட் இறக்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்

எண்களை எடுக்க வேண்டாம். ரெஸ்யூமில் நீங்கள் போட்ட எண்களைவிட, எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் எண்கள் நல்லவை. அவற்றை அங்கே மாற்றினாலே பாதி வேலை முடியும்.

நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் குழுவைப் பல வருடம் நடத்தியவன் நான். ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். ரெஸ்யூம் கைக்கு வந்ததும் நான் பேனாவால் வட்டம் போடுவது எண்களைத்தான். பேச்சைத் தொடங்க அதைவிட எளிய இடம் கிடையாது. எதை எண்ணினீர்கள், எந்தக் காலத்துக்கு, எந்தக் கருவி எண்ணியது, அதில் உங்கள் கை எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டே போவேன். உண்மையாக அந்த வேலையைச் செய்தவர் பத்து நிமிடம் சளைக்காமல் பேசுவார். நண்பர் சொன்ன எண்ணைப் போட்டவர் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவார். உங்களுக்கு நடந்தது அதுதான். உங்களுக்கு வேலை தெரியாது என்று அவர்கள் முடிவு செய்ததற்கு அந்த ஒரு எண் போதுமானதாக இருந்திருக்கும்.

அப்டைம்: உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம்

365 நாள் கொண்ட வருடத்தில் 5,25,600 நிமிடங்கள் இருக்கின்றன. 99.99 சதவீதம் என்றால் வருடம் முழுக்க விழலாம் என்று அனுமதிக்கும் நேரம் சுமார் 52 நிமிடம். 99.9 என்றால் 8 மணி 45 நிமிடம். ஒரே ஒரு 9 கூடும்போது இவ்வளவு சுருங்குகிறது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் அந்த எண்ணைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

உங்களுடைய இரண்டு வீழ்ச்சிகளையும் கூட்டினால் 40 நிமிடமும் 190 நிமிடமும் சேர்ந்து 230 நிமிடம். வருடத்துக்கு 99.956 சதவீதம் வருகிறது. எழுதியது 99.99. இன்டர்நெட் இணைப்பு சேவை நிறுவனத்தின் பொறுப்பு, அதை நான் எண்ண மாட்டேன் என்று சொன்னால் மீதி 40 நிமிடம்தான், எண் 99.992 ஆகிவிடும். அந்த 40 நிமிடத்திலும் ஒரு தளம்தான் விழுந்தது, மற்ற தளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பயனாளர்களின் எண்ணிக்கையைக் கொண்டு எடை போட்டால் இன்னும் மேலே போகும். ஆக, ஒரே வருடத்துக்கு மூன்று வெவ்வேறு எண்கள், மூன்றுமே ஒருவகையில் சரி. "99.99 எப்படி வந்தது?" என்று கேட்டவர் தெரிந்துகொள்ள விரும்பியது இதைத்தான். எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், முன்கூட்டியே அறிவித்துச் செய்த பராமரிப்பு நேரத்தைக் கழித்தீர்களா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அளந்த கருவியைப் பற்றியும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மானிட்டரிங் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிங் அனுப்புகிறது என்று வையுங்கள். இரண்டு பிங்குகளுக்கு நடுவில் விழுந்து 2 நிமிடத்தில் எழுந்த சுவிட்ச் அதன் கணக்கில் விழவே இல்லை. 30 நாள் மாதத்துக்கு 99.99 சதவீதம் என்றால் அனுமதி 4.3 நிமிடம்தான். 5 நிமிட இடைவெளியில் பார்க்கும் கருவியால் அதை உறுதியாகச் சொல்லவே முடியாது. உங்கள் கருவியின் இடைவெளி எவ்வளவு என்று நாளைக்கே பாருங்கள். பார்க்காமல் இன்னொரு நேர்காணலுக்குப் போகாதீர்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்திவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கும். சுவிட்ச்சில் இந்தக் கட்டளையைக் கொடுத்து, வரும் எண்ணை அப்டைம் என்று ரெஸ்யூமில் போடுகிறவர்கள் உண்டு:

```
show version | include uptime
```

இது காட்டுவது அந்தப் பெட்டி கடைசியாக ரீஸ்டார்ட் ஆகி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை. பெட்டி ஓடிக்கொண்டே இருக்க, அப்லிங்க் அறுந்து தளமே இருட்டில் கிடக்கலாம். போதாததற்கு, ஓர் ஆக்சஸ் சுவிட்ச் மூன்று வருடம் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதில் மூன்று வருடமாகச் சாஃப்ட்வேர் மேம்படுத்தல் நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத பெட்டியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதாக முடியும்.

சரி, உங்கள் ரெஸ்யூமில் என்ன எழுதுவது? அப்டைம் சதவீதம் ஒரு குழுவும் வடிவமைப்பும் பணச்செலவும் சேர்ந்து தருகிற எண். எல்2இல் இருக்கும் ஒருவர் தனியாக அதைப் "பராமரித்தேன்" என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. ஆனால் அந்த இரண்டாவது அப்லிங்க் முழுக்க உங்களுடையது. அதைக் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், ரெஸ்யூமில் அது இல்லவே இல்லை! எனக்கு அதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> ஒரு தளத்தின் ஆக்சஸ் சுவிட்சுகள் ஒரே கோர் சுவிட்சை நம்பி இருந்ததால் ஏற்பட்ட 40 நிமிட வீழ்ச்சிக்குப் பின், இரண்டாவது கோருக்கு அப்லிங்க் அமைத்தேன். அந்த வருடம் உள் நெட்வொர்க்கில் வேறு வீழ்ச்சி பதிவாகவில்லை (இன்டர்நெட் சேவை நிறுவனத்தின் துண்டிப்பு இந்தக் கணக்கில் இல்லை).

இதில் சதவீதமே கிடையாது. என்ன விழுந்தது, ஏன் விழுந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், கணக்கில் எதை விட்டீர்கள் என்பது எல்லாம் இருக்கிறது. இதைப் படிப்பவர் நிச்சயம் அடுத்த கேள்வி கேட்பார்: "இரண்டாவது கேபிளைச் சொருகியதும் லூப் வராமல் எது தடுத்தது?" ஸ்பேனிங் ட்ரீ ஒரு போர்ட்டை அடைத்து வைத்திருந்ததா, அல்லது இரண்டு கோர்களும் ஒன்றாக இணைந்து ஒரே சுவிட்ச் போல நடப்பவையா, அப்படியானால் இரண்டு இணைப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டினீர்களா? எந்த கோர் ரூட் பிரிட்ஜாக இருந்தது? மாற்றிய பிறகு ஒரு கோரின் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்தீர்களா, திரும்பி எழ எத்தனை நொடி ஆயிற்று? சோதிக்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏன் அனுமதி கிடைக்கவில்லை என்பதும் கேட்கத் தகுந்த பதில்தான்.

500 சர்வர்களும் ஒரு வினைச்சொல்லும்

இங்கே எண்ணைவிட "நிர்வகித்தவர்" என்ற சொல்தான் உங்களைச் சிக்க வைக்கிறது. ஒரு கருவியைத் திரையில் கண்காணிப்பது ஒரு நிலை. எழுதி வைத்த நடைமுறைப்படி ரீஸ்டார்ட் செய்வது, போர்ட்டைத் திறப்பது அடுத்த நிலை. கான்ஃபிகரேஷனை நீங்களே யோசித்து மாற்றுவது மூன்றாவது. எந்தக் கருவி வேண்டும், எப்படி இணைப்பது என்று தீர்மானிப்பது நான்காவது. 500 சர்வர்களில் நீங்கள் முதல் நிலையில் இருக்கிறீர்கள். அந்தச் சர்வர்களுக்குப் பேட்ச் எப்போது போடுவீர்கள், பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டால் உங்களிடம் சொல்ல எதுவும் இருக்காது. நெட்வொர்க் வேலைக்குப் போகிற உங்களுக்கு அந்தச் சர்வர்கள் தேவையும் இல்லை.

உங்கள் கை பட்ட கருவிகளை எண்ணிக்கையோடும் நிலையோடும் எழுதுங்கள். 48 ஆக்சஸ் சுவிட்ச்சில் வீலேன், ட்ரங்க், போர்ட் பாதுகாப்பு மாற்றங்களை நீங்களே செய்தீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபயர்வாலில் விதிகளை நீங்கள் எழுதினீர்களா, அல்லது எல்3 எழுதியதை நீங்கள் போட்டீர்களா? இரண்டாவதுதான் உண்மை என்றால் "ஒப்புதல் பெற்ற விதி மாற்றங்களைச் செயல்படுத்தினேன்" என்பது மதிப்பான வரி. "ஃபயர்வால் நிர்வாகம்" என்று எழுதினால் முகவரி மாற்றத்தில் தொடங்கி, ஜோடியில் ஒன்று விழுந்தால் மற்றது எப்படிப் பொறுப்பேற்கும் என்பது வரை உட்கார வைத்துக் கேட்பார்கள்.

டிக்கெட்: உண்மையான எண்ணும் தவறாகப் பேசலாம்

உங்கள் 10,000த்தை நான் சரிபார்த்தேன். வருடத்துக்கு 230 வேலை நாள் என்று வைத்தால், ஒன்றரை வருட எல்1இல் 345 நாள், நாளுக்கு 20 என்று 6,900. இரண்டரை வருட எல்2இல் 575 நாள், நாளுக்கு ஐந்தரை என்று சுமார் 3,160. மொத்தம் 10,000த்தைத் தாண்டுகிறது. நேர்மையான எண்தான்.

ஆனால் படிப்பவர் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது. நான்கு வருடத்தில் 10,000 என்றால் நாளுக்கு 11. நெட்வொர்க் கோளாறைத் தோண்டிப் பார்க்கிற ஒருவரால் நாளுக்கு 11 முடிக்க முடியாது, ஆகவே இது பாஸ்வேர்ட் ரீசெட்டும் பிரின்டரும்தான் என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். பத்தில் ஏழு டிக்கெட் எல்1இல் வந்தவை என்பதால் அவர் நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. பெரிய எண் உங்களைப் பழைய வேலைக்கே இழுத்துக்கொண்டு போகிறது. எல்1 டிக்கெட்டுகளை அந்தப் பதவியின் கீழே ஒரே வரியில் முடித்துவிடுங்கள். எல்2இன் 5, 6ஐ மேலே கொண்டு வாருங்கள், அவை என்ன மாதிரியானவை என்பதோடு சேர்த்து:

> எல்2 நெட்வொர்க் சப்போர்ட், இரண்டரை ஆண்டுகள். நாளுக்குச் சுமார் 5–6 டிக்கெட். வயர்லெஸ் இணைப்புக் கோளாறு, வீலேன் மாற்றங்கள், ஐபி முகவரி கிடைக்காத சிக்கல்கள். எல்3க்கு அனுப்பாமல் முடித்தவை பத்தில் ___.

அந்த ஒரு இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் எண்ணித்தான் நிரப்ப வேண்டும். கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். உடைந்ததைச் சரிசெய்தவை எத்தனை, புதிய அனுமதி, புதிய போர்ட் போன்ற வேண்டுகோள்கள் எத்தனை? இரண்டும் ஒரே வேலை இல்லை. மானிட்டரிங் தானாகவே திறந்தவை எத்தனை? ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு லிங்க் ஒரே இரவில் முப்பது டிக்கெட் திறந்துவிடும், அதை முப்பது வெற்றியாக எண்ணக் கூடாது. மூன்றாவதாக, நீங்கள் மூடிய டிக்கெட்டுகளில் மறுபடி திறக்கப்பட்டவை எத்தனை? இந்தக் கடைசி எண்ணைக் கேட்காமலேயே சொல்லும் விண்ணப்பதாரரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சொன்னவர்களோடு பேச்சு வேறு தளத்துக்குப் போயிருக்கிறது.

சான்றிதழ்கள்

சிசிஎன்ஏ மூன்று வருடம் செல்லும். 2020இல் தேறியது 2023இல் முடிந்துவிட்டது. முடிவதற்குள் தொடர்கல்விப் புள்ளிகள் 30 சேர்த்தோ தேர்வு எழுதியோ புதுப்பித்திருக்கலாம். முடிந்த பிறகு அந்தத் தேர்வை மறுபடி எழுதித்தான் பெற வேண்டும். அதுவரை வெறுமனே "சிசிஎன்ஏ" என்று பெயரோடு சேர்த்துப் போடுவது இல்லாத தகுதியைக் காட்டுவதாகிவிடும். வேலை கொடுப்பவர்கள் சான்றிதழ் எண்ணைக் கேட்டு, நடப்பில் இருக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் இது தெரியவந்தால், பொய்த் தகவல் தந்தார் என்று வேலையை விட்டே அனுப்பவும் அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். "சிசிஎன்ஏ 200-301, 2020இல் தேர்ச்சி, 2023இல் காலாவதி" என்று எழுதுங்கள். நெட்வொர்க் வேலைக்குப் போவதால் மறுபடி எழுதுவதே உங்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். தேர்வுத் தேதி பதிவாகிவிட்டால் அந்த மாதத்தையும் பக்கத்தில் போடலாம். தேதி இல்லாத "படித்துக்கொண்டிருக்கிறேன்" வேண்டாம்.

எம்சிஎஸ்ஏ விஷயம் வேறு. அதை மைக்ரோசாஃப்ட்டே 2021 ஜனவரி 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. புதுப்பிக்காமல் விட்ட குற்றம் உங்கள் மேல் இல்லை. எந்தப் பிரிவில் பெற்றது, எந்த வருடம் என்பதோடு ரெஸ்யூமின் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். முதல் வரியில் வைத்தால் உங்கள் அறிவு அந்த வருடத்தோடு நின்றுவிட்டது போலத் தோன்றும்.

ரிப்போர்ட்டை இறக்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. டிக்கெட்டுகளில் பயனாளர் பெயர், ஐபி முகவரி, எந்தக் கருவி எப்படிப் பழுதாயிற்று என்ற விவரம் எல்லாம் இருக்கும். அது நிறுவனத்தின் சொத்து. வேலையில் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இரகசியக் காப்பு நிபந்தனை இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். வேலையை விடப்போகிறவர் ஆயிரக்கணக்கான வரிகளை இறக்கினால் பல இடங்களில் அது பதிவாகும், கேள்வியும் வரும். திரையைப் படம் எடுத்தாலும் அதே சிக்கல்தான். நேர்காணலில் காட்டினால் உங்களுக்கே எதிராகத் திரும்பும். அங்கே உட்கார்ந்திருப்பவர், நாளைக்கு எங்கள் தகவலையும் இப்படித்தான் வெளியே கொண்டுபோவார் என்று நினைப்பார்.

ரெஸ்யூமுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சுவிட்ச் பெயர்கள், ஐபி வரம்பு, ஃபயர்வாலின் சாஃப்ட்வேர் பதிப்பு எண் எதையும் போடாதீர்கள். கருவி தயாரிப்பாளரின் பெயரும் எண்ணிக்கையும் போதும். நீங்கள் அனுப்பும் ரெஸ்யூம் எத்தனை கைகளுக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது.

உங்களுக்குத் தேவை ஆறேழு எண்கள்தான். டூலின் டாஷ்போர்டில் அவற்றைப் பாருங்கள், சுமாராக முழுமையாக்கி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் மேலாளரிடம், "என் வேலையைப் பற்றி இந்த அளவு எண்களைச் சொல்லிக்கொள்ளலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பின்னாளில் யாராவது அவரைத் தொடர்புகொண்டு கேட்டால் இருவரும் ஒரே எண்ணைச் சொல்வீர்கள். இதை எல்லாம் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கொடுத்த பிறகு உங்கள் லாகின் எந்த நாளில் அடைபடும் என்று சொல்ல முடியாது.